ஒன்றரை நிமிடத்தில் நான்

நீடாமங்கலத்தில் முதல் மிக்சிங் சென்டர் நான் போட்டது. அந்தக் காலத்தில் எடிட்டிங் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மிக்சிங் என்பார்கள். ஒரு டெக்கில் கேசட் ஓடும், இன்னொரு டெக்கில் பதிவாகும், நடுவில் என் விரல். நீளக் கையில் மாட்டி மேலே தூக்குகிற ஜிப் கேமராவை இந்தப் பக்கத்திலேயே முதலில் நான் வாங்கியது. முதல் டிரோன் நான் பறக்கவிட்டது. அது மேலே கிளம்பியபோது நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்றை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறினார்கள். கம்ப்யூட்டரில் வெட்டுவதை எனக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. மெனுவில் உள்ள இங்கிலீஷைப் படிக்கத் தெரியாமல், எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்தேன். ஸ்டூடியோ, அதற்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, எல்லாம் மிக்சிங்கில் வந்தது. படிப்பு ஆறாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. அப்பா குத்தகை நிலத்தில் உழுதவர். எனக்குப் பின்னால் ஆள் கிடையாது.

இத்தனையும் செய்த நான், ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றைச் செய்ய வாரக்கணக்கில் திண்டாடினேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அதைச் செய்து முடித்தவனும் நான்தான்.

ஸ்டூடியோவை மூடி, கீழ்த்தளத்தை மருந்துக் கடைக்கு வாடகைக்கு விட்ட பிறகு, மாடியில் உட்கார்ந்து வெளியாட்களுக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர், மன்னார்குடி போட்டோகிராபர்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்த பூர்த்தி. வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் என் பெயர் எதிலும் வராது. கொடுத்தவர் ஸ்டூடியோ பெயர்தான் தங்க எழுத்தில் சுற்றும். பெயர் இல்லாமல் வேலை செய்வது எனக்கு ஒத்துவராத சமாச்சாரம்.

அப்படியிருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஆவணப்படம் எடுக்கிற கம்பெனி. டெல்டா மக்களைப் பற்றித் தொடராக எடுக்கப் போகிறார்களாம். இந்தப் பக்கத்துப் பேச்சு புரிகிற, இங்கேயே இருக்கிற எடிட்டர் வேண்டும். தஞ்சாவூர் போட்டோகிராபர் ஒருவர் என்னைச் சொல்லியிருக்கிறார்.

"உங்க ஷோரீல் லிங்க் அனுப்புங்க சார்."

"ரீலா? வாழ்நாள் பூரா பண்ணது பரண்ல மூட்டையா கெடக்கு மேடம். எதை அனுப்ப?"

"அதுல நல்லதை மட்டும் எடுத்து, வரிசை பண்ணி, ஒரு ஒன்றரை நிமிஷம். மீறினா ரெண்டு. அதுக்கு மேல எங்களுக்குப் பொறுமை இருக்காது சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தொடர் கிடைத்தால், கடைசியில் எழுத்து ஓடும்போது படத்தொகுப்பு என்று என் பெயர் வரும். கிடைக்காவிட்டால் நான் பஸ்ஸில் வரும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காத்திருக்கிற ஆள், அவ்வளவுதான்.

முதல் ரீலை வேகமாகக் கட்டிவிட்டேன். கல்யாண வீடியோக்காரன் எப்படிக் கட்டுவானோ அப்படி. முதலில் பிள்ளையார். அப்புறம் குத்துவிளக்கு, ஐந்து முகமும் எரிய. அப்புறம் என் பெயர், தங்க எழுத்தில் சுழன்று வந்து நிற்கும். பிறகு காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம், கல்யாணம், அறுபதாம் கல்யாணம். மனுஷன் வாழ்கிற வரிசை. எந்தக் குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு. ஒன்றரை நிமிடம் எங்கே, அது எங்கே! பதினோரு நிமிடம் ஓடியது. அந்த அம்மா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார், நல்ல சரக்கைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் பாயிடம் காட்டினேன். பாய் என்றால் நாகூர்க்காரர், என்னிடம் தொடக்கத்திலிருந்து கேமரா பிடித்தவர். என்னைவிட வயதில் சின்னவர், வாயில் பெரியவர். நானும் அவரும் பார்க்காத மண்டபம் இந்தப் பக்கத்தில் இல்லை. போனில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பிள்ளையார் போறாரு, விளக்கு வருது. விளக்கு போவுது, பேரு வருது. நீங்க எப்பண்ணே வருவீங்க?" என்றார் பாய்.

"வரும், பாரு."

அவர் பார்த்தார். ஆனால் நான் அவரைப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. காதுகுத்திலேயே திரைக்குக் கீழே போய், இழுத்துவிட்டது. கொஞ்சம் பார்ப்பார், மறுபடி இழுப்பார். என் வேலையை, என் கண் முன்னாலேயே, என் கேமராமேன் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்!

"ஏன் பாய் இழுக்கிறே?"

"நானா? நான் எங்கண்ணே இழுத்தேன்?"

அவருக்கே தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வாய் மரியாதைக்கு நல்லா இருக்கு என்று சொல்லும். கட்டைவிரலுக்கு மரியாதை தெரியாது. அன்றிலிருந்து யாரிடம் காட்டினாலும் போனைக் கையில் கொடுத்துவிட்டு விரலை மட்டும் பார்ப்பேன். விரல் எங்கே கிளம்புகிறதோ அங்கே கத்திரி. இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள், நான் கண்டுபிடித்தது.

வீட்டுக்காரி கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த மஞ்சள் நீராட்டு விழாப் பொண்ணு இப்ப பேங்க்ல வேலை பாக்குது. அதை ஊர் பூரா காட்டப் போறீங்களா?"

"அது நல்லா வெட்டின துண்டு."

"நல்லா வெட்டினா? அதுக்கிட்ட கேட்டீங்களா?"

எடுத்துவிட்டேன். அடுத்த வீட்டு விசேஷத்தைக் கேட்காமல் காட்டக் கூடாது என்பது சரிதான். அது எனக்கும் தெரியும், அவள் முந்திக்கொண்டாள்.

இரண்டாவது ரீலில் பிள்ளையாரை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுப் படத்திலிருந்து இறக்கினேன். மேடம் கேட்டபடி ஒன்றரை நிமிடம். ஆவணப்படத்துக்குத்தானே என்று கல்யாணத்தையே எடுத்துவிட்டு, பாய் டிரோனில் எடுத்ததையெல்லாம் கோத்தேன். பச்சை வயல், வெண்ணாற்றில் சூரியன், தரங்கம்பாடிக் கோட்டை, கடல், நாகூர் மினாராக்கள், மறுபடி வயல். அடியில் ஒரு இசை. தாளத்துக்கு ஒரு வெட்டு, தாளத்துக்கு ஒரு வெட்டு. பாயின் விரல் அசையவில்லை. அவர் கண் கலங்கிப்போய்விட்டது.

"அண்ணே, பிரமாதம்ணே!"

அனுப்பினேன். மறுநாளே அந்த அம்மா கூப்பிட்டார்.

"சார், ஷாட்ஸ் ரொம்ப நல்லா இருக்கு. யார் கேமரா?"

"நம்ம ஆளுதான் மேடம்."

"அவர் நம்பர் கொடுங்க, எங்களுக்குக் கேமராமேனும் தேவைப்படும். ஆனா சார், எடிட்டர் எங்க? நான் உங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். இசை போற வேகத்துல படம் மாறுது. அதுல நீங்க என்ன முடிவு எடுத்தீங்க, எதை விட்டீங்க, எதுக்குக் காத்திருந்தீங்கன்னு தெரியவே இல்லையே?"

பாயின் நம்பரை மட்டும் கடகடவென்று ஒப்பித்தேன். எழுதிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"திங்கட்கிழமை முடிவு பண்ணப் போறோம். அதுக்குள்ள இன்னொன்னு அனுப்ப முடியுமா?"

"முடியும் மேடம்" என்றேன். முடியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளியே காட்டாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப அது என் ரீலுண்ணே!" என்றார். ஆமாம், அது அவர் ரீல்தான். நான் கட்டி, என் செலவில் அனுப்பிய அவருடைய ரீல்.

அந்த மத்தியானம் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். யோசித்தேன். எங்கள் வீட்டில் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போடுவார்கள். பதர், பொக்கு எல்லாம் மேலே மிதக்கும். அரித்து எறிந்துவிட்டு அடியில் கிடப்பதைத்தான் நாற்றங்காலுக்கு எடுப்பார்கள். மிதப்பதும் பார்வைக்கு நெல்தான், பளபளவென்று இருக்கும். நான் மிதந்ததையெல்லாம் அள்ளி அனுப்பியிருக்கிறேன். அப்படியானால் அடியில் கிடப்பது எது?

ஒவ்வொரு துண்டையும் போட்டு ஒரே கேள்வி கேட்டேன். இதை நான் வெட்டாமல், எடுத்தது எடுத்தபடி போட்டாலும் இப்படித்தான் இருக்குமா? இருக்கும் என்றால் அது பாயுடையது, தள்ளு. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றைத் தள்ளு. இது கொஞ்சம் சுமார்தான், ஆனால் பாசமாக இருக்கிறது என்று தோன்றினால் முதலில் அதைத் தள்ளு. ஒரு சொத்தைக் கடலை வாயில் பட்டால் முன்னால் தின்ற நல்ல கடலையும் கசந்துதான் போகும்.

தள்ளத் தள்ள, கடைசியில் கையில் நாலைந்துதான் நின்றது. அதில் ஒன்று ஒரு கல்யாணம். அதைத்தான் உங்களுக்கு விவரமாகச் சொல்லவேண்டும்.

இதே ஊர்ப்பக்கம், பெரிய விவசாயக் குடும்பம். முகூர்த்த நேரம். மேடையில் பாய், கூட்டத்தைப் பார்த்தபடி இன்னொரு கேமரா. கெட்டிமேளம் சொல்லி, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். சரியாக அந்த நேரத்தில் பெண்ணின் தாய்மாமன், வாட்டசாட்டமான ஆள், தோளில் துண்டோடு அட்சதை போட முன்னால் வந்து நின்றார். முதுகு. கேமரா முழுக்க முதுகு. வேறு யாராக இருந்தாலும் பாய் தோளைத் தொட்டு நகர்த்தியிருப்பார். தாய்மாமனைத் தொட முடியுமா? மேடையிலேயே அடிதடி ஆகிவிடும். அவர் நகர்ந்தபோது மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. இன்னொரு கேமராவில் வெறும் கூட்டம்தான். ஆக, தாலி கட்டியது எந்தக் கேமராவிலும் இல்லை.

கல்யாண வீடியோவில் தாலி இல்லையென்றால் வேறு என்ன இருந்தும் புண்ணியமில்லை. பாய் அன்று மண்டபத்தில் சாப்பிடக்கூட இல்லை.

நான் வெட்டினேன். கெட்டிமேளம் என்ற குரலும் தவிலும் நாயனமும் ஒரு நொடி அறுபடாமல் ஓடுகிறது, சத்தத்தில் கை வைக்கவில்லை. அதன் மேலே பெண்ணின் அம்மா கை, முந்தானையை முறுக்கிப் பிடித்திருக்கிறது. தவில்காரர் விரல். அப்பாவின் முகம், அவர் மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார். பெண் தலை குனிகிறாள். அது மாலை மாற்றும்போது குனிந்தது, கொஞ்சம் முன்னால் எடுத்தது. ஆனால் இந்த இடத்தில் வைத்தால், தாலிக்காகக் குனிகிறாள் என்றுதான் எவரும் சத்தியம் செய்வார்கள். மாமன் முதுகு வந்து திரையை மூடுகிறது. அதையும் விட்டுவைத்தேன், சின்னதாக. மூடிய இருட்டில் தவில் மட்டும். அப்படியே அட்சதை மேலே பறக்கிறது. அப்பா நிமிர்கிறார். பெண்ணின் கழுத்தில் தாலி.

கேசட்டைப் பார்த்த வீடு மொத்தமும் அழுதது. தாலி கட்டுகிற இடத்தைக் காட்டவே இல்லை என்று ஒருவர் சொல்லவில்லை. பார்த்ததாகவே நினைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், "அந்தத் தாலி கட்டுற ஷாட்டு எடுத்தாரே பாய், அது மாதிரி எடுக்கணும்" என்பார்கள். பாய் பணிவாகத் தலையை ஆட்டுவார். இல்லாத ஷாட்டுக்கு இத்தனை வருஷமாகப் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிற ஒரே கேமராமேன் உலகத்தில் அவராகத்தான் இருக்கும். தொழில் ரகசியம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இதுதான் அடியில் கிடந்த நெல். இதுதான் முதல் துண்டு என்று முடிவு செய்துவிட்டேன்.

"கல்யாணத்தையா மொதல்ல வைக்கப் போறீங்க? அவங்க ஆவணப்படம்ல கேட்டாங்க?" என்றார் பாய்.

"கல்யாணம்னு பாக்காதே. நெசமா நடந்ததை, கையில கெடச்சதை வச்சுக் கட்டினது. ஆவணப்படம்னா வேற என்ன?"

"கடைசியில வைங்கண்ணே. நல்லதைக் கடைசியில வச்சாத்தானே சாப்பாட்டுல பாயசம் மாதிரி இருக்கும்?"

"பந்தியில உக்காந்தவன் பாயசம் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டான் பாய். அந்தம்மா போன்ல லிங்க் லிங்கா வந்து கெடக்கும். மொதப் பத்து செகண்டுல எந்திரிச்சிருவாங்க. இலை போட்டதும் பாயசத்தை ஊத்தணும்."

பெண்ணின் அப்பாவைப் போனில் பிடித்து அனுமதி கேட்டேன். மகள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளிடமும் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

"தாராளமா போடுங்க. தாலி கட்டுற எடம்தானே? பாய் என்னமா எடுத்திருப்பாரு!"

"ஆமாங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் மற்றவை தானாக வரிசையில் உட்கார்ந்தன. இரண்டாவதாக, கடைமடை விவசாயி ஒருவர் பேசுவது. விவசாயிகள் சங்கத்துக்காகச் செய்தது. அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசியதை நாலு வாக்கியமாக்கியிருந்தேன். அவர் குரல் முதலில் வரும், காய்ந்த வாய்க்கால் தெரியும், அப்புறம்தான் முகம். அழ வைத்ததற்குப் பிறகு பேச்சு. மூன்றாவது தரங்கம்பாடியில் வலை இழுப்பது. இங்கே வேகம், இசை கிடையாது, அவர்கள் போடுகிற சத்தமே தாளம். நாலாவது பந்தியில் ஒரு அம்மா. பரிமாறுகிறவரைப் பார்க்கிறார், பக்கத்து இலையைப் பார்க்கிறார், பக்கத்து இலை அப்பளம் காணாமல் போகிறது. மூன்றே பார்வைதான், சிரிக்காதவர் கிடையாது. அந்த அம்மாவிடமே காட்டிக் கேட்டேன். "நானா அது!" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போட்டுக்கொள்ளச் சொன்னார். கடைசியில் நீடாமங்கலம் ரயில்வே கேட். பெட்டி பெட்டியாக ரயில் போகிறது. போன பிறகும் நான் வெட்டவில்லை. சத்தம் தேய்ந்து, மணி நின்று, ஒரு சைக்கிள்காரர் குனிந்து கேட்டுக்குக் கீழே நுழைகிற வரைக்கும் விட்டேன். வெட்டத் தெரிந்தவனுக்கு வெட்டாமல் இருக்கவும் தெரியும் என்று சென்னை அம்மா பார்க்கட்டும்.

சுழல்கிற தங்க எழுத்து கிடையாது. முதல் துண்டு ஓடும்போதே மூலையில் சின்னதாக என் பெயர். முடிவில் பெயரும் போன் நம்பரும், படிக்கிற அளவு நேரம். ஒவ்வொரு துண்டின் அடியிலும் இது என்ன வேலை, கேமரா யார், எடிட்டிங் யார் என்று சிறு எழுத்து. அடுத்தவர் வேலையை என்னுடையது என்று நான் காட்டமாட்டேன். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு மூச்சு அதிகம்.

வீட்டுக்காரி கையில் போனைக் கொடுத்தேன். விரல் அசையவில்லை. கீழே மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். வாடிக்கையாளர் கூப்பிடக் கூப்பிட நின்று பார்த்தார். அனுப்பினேன்.

திங்கட்கிழமை போன் வந்தது. பாயும் பக்கத்தில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். முதல் கிளிப்பை நாலு தடவை பார்த்தேன். அதுல தாலி கட்டுறதே இல்லையே?"

பாய் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு பெரிய குடும்பம் இத்தனை வருஷம் பார்த்தும் கண்டுபிடிக்காததை, எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"இல்லை மேடம். கிடைக்கலை."

"கிடைக்கலையா? அப்ப இவ்வளவும்?"

"கிடைக்காததைச் சுத்தி இருந்ததை வச்சுக் கட்டினேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அப்ப எடிட்டர் இங்கதான் இருக்கார். ஷூட்டிங் முடிஞ்சதும் ஃபுட்டேஜ் அனுப்புறோம் சார். தொடர் உங்களுதுதான்."

போனை வைத்ததும் பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனுஷன். ஆனால் மறுநாளே டீக்கடையில், "அண்ணனுக்குச் சென்னை சான்ஸ் என் கல்யாண ஷாட்டாலதான் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதுக்கு வந்தது. நேரே போனேன்.

"எந்த ஷாட்டு பாய்?"

"அதாண்ணே, தாலி கட்டுறது."

"அது எங்கே இருக்கு, காட்டு."

"நான் எடுக்கலேன்னா நீங்க எதை வெட்டுவீங்க?" என்று மடக்கினார்.

"நீ எடுக்கலை. அதனாலதான் நான் வெட்டினேன்."

டீக்கடையே சிரித்தது. பாயும் சிரித்தார். அம்மாவின் கை, தவில்காரர் விரல், அப்பாவின் முகம், எல்லாம் அவர் எடுத்தவைதான். ரீலிலேயே அவர் பெயர் போட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. தொடருக்குக் கேமராவும் அவர்தான், நான்தான் நம்பர் கொடுத்தேன்.

ஆனால் என் கணக்கு வேறு. தொடரின் கடைசியில் எழுத்து ஓடும்போது என் பெயர் உதவி என்று கூட்டத்தோடு கூட்டமாக வரக் கூடாது. படத்தொகுப்பு என்று தனியாக, வாசித்து முடிக்கிற நேரம் நிற்கவேண்டும். அதை அந்த அம்மாவிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார். அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களும் இதைப் படிக்கட்டும், படித்துவிட்டுக் கேசட்டை இன்னொரு தரம் போட்டுப் பார்க்கட்டும். தாலி கட்டியதை யாரும் எடுக்கவில்லை. அதை உங்களுக்குக் காட்டியது நான். அடுத்த விசேஷத்தில் பாயைப் பாராட்டுகிற வாயால், இதையும் சபையில் என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.